கட்டுரையின் கடைசிப் பத்தியை என்ன செய்வது?

வெண்பலகை:
லீப் ஆண்டு பற்றி 600 சொல்லில் ஒரு கட்டுரை எழுதினேன். படித்த நண்பர், "நல்லாத்தான் போகுது, கடைசிப் பத்தி மட்டும் ரோபோ எழுதின மாதிரி இருக்கு" என்றார். ஏன் அப்படித் தோன்றுகிறது? வேறு எப்படி முடிக்கலாம்?

தொடக்கம்: "நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரிக்கு ஏன் ஒரு நாள் கூடுகிறது? பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாளும் ஏறக்குறைய ஆறு மணி நேரமும் ஆகின்றன. அந்த மிச்சத்தைச் சரிக்கட்டவே லீப் ஆண்டு."

முடிவு: "ஆக, பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாளும் ஏறக்குறைய ஆறு மணி நேரமும் ஆவதால், அதை ஈடுகட்ட நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாள் சேர்க்கப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் கண்டோம்."

நடுவில் ஜூலியன் காலண்டர், 1582இல் பத்து நாளை நீக்கியது, 400ஆல் வகுபடும் விதி எல்லாம் வருகின்றன.

விடைத்தாள்:
முடிவில் ஒரு தப்பும் இல்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம், நான் இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். படிப்பவர் நடுவில் கவனம் சிதறியிருப்பார், கடைசியில் சாரத்தைத் திருப்பிச் சொன்னால்தான் மனதில் நிற்கும். நண்பருக்கு எதையாவது குறை சொல்ல வேண்டும், சொல்லிவிட்டார்.

கல்வெட்டு:
நண்பர் சொன்னது சரி. திரும்பச் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், கட்டுரை தன் முடிவிலேயே தன்னை மறுக்கிறது, அதுதான் சிக்கல்.

நடுப்பகுதியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மிச்சம் சரியாக ஆறு மணி நேரம் இல்லை, அதற்கு 11 நிமிடம் குறைவு. நான்குக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவந்ததால் ஜூலியன் காலண்டர் பருவங்களை விட்டு விலகிப்போனது. அதனால்தான் 1582இல் அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று வைத்தார்கள். நூற்றாண்டு ஆண்டுகளில் 400ஆல் வகுபடுவது மட்டுமே லீப் என்றும் விதித்தார்கள். அதாவது, "நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை" என்பது முழு உண்மை இல்லை என்று வாசகருக்குக் காட்டியாயிற்று. அதைப் படித்து வந்தவரிடம் கடைசியில் "நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை" என்றே மறுபடி சொன்னால், நடுவில் இருந்ததை எழுதியவரே படிக்கவில்லையோ என்று அவருக்குத் தோன்றும். நண்பர் ரோபோ என்றது அதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: முதல் பத்தியை மட்டும் வேறொருவரிடம் கொடுத்து முடிவை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதுவதும் உங்கள் முடிவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், உங்கள் கடைசிப் பத்திக்கு நடுப்பகுதி தேவைப்படவே இல்லை என்று பொருள்.

மழைக்காகம்:
எனக்கும் இதே பிரச்சினைதான்! அலுவலக மெயிலில் கடைசியில் என்ன போடுவது என்றே தெரிவதில்லை. "தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி" என்று எழுதினால் ரொம்பப் பழசாக இருக்கிறது. வேறு ஏதாவது சொல்லுங்களேன்.

கல்வெட்டு:
அது வேறு விஷயம், மழைக்காகம். மெயிலில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பது கடைசி வரியாக இருந்தால் போதும். அப்புறம் உங்கள் பெயர்.

விடைத்தாள்:
மேடையில் பேசுபவர்கள் எல்லோரும் கடைசியில் தொகுத்துத்தானே சொல்கிறார்கள்? அதை யாரும் ரோபோ என்பதில்லையே. நன்னூலிலேயே "தொகுத்துச் சுட்டல்" என்று ஓர் உத்தி இருக்கிறது.

கல்வெட்டு:
மேடை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். காதால் கேட்பவர் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது, அவருக்குத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். 600 சொல்லைச் சில நிமிடத்தில் படித்து முடிப்பவர் கண்ணுக்கு முதல் பத்தி இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

நன்னூலை எடுத்தீர்கள், நல்லது. அதில் தொகுத்துச் சுட்டலுக்கு அடுத்ததாகவே "வகுத்துக் காட்டல்" வருகிறது. தொகுப்பை முன்னால் வைத்துவிட்டு அப்புறம் விரித்துக்கொண்டு போவது அது. அதே நன்னூல் பத்துக் குற்றங்களையும் அடுக்குகிறது. "கூறியது கூறல்" அதில் ஒன்று, போகப்போக வலுவிழந்து முடிகிற "சென்றுதேய்ந் திறுதல்" இன்னொன்று. வெண்பலகையின் கடைசிப் பத்திக்கு இரண்டும் பொருந்தும்.

ஒற்றைப்புள்ளி:
இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். கடைசியில் ஒரு கேள்வி போடுங்கள்: "நாம்தான் காலத்தை அளக்கிறோமா, காலம் நம்மை அளக்கிறதா?" வாசகரை யோசிக்க வைத்துவிட்டு நாம் நகர்ந்துவிடலாம்.

கல்வெட்டு:
அந்தக் கேள்வியைக் கடிகாரம், முதுமை, ரயில் தாமதம் என எந்தக் கட்டுரையின் வாலிலும் ஒட்டலாம். எங்கும் ஒட்டும் என்றால் எதற்கும் சொந்தமில்லை. திரும்பச் சொல்லும் முடிவாவது கட்டுரையின் பொருளைப் பற்றிப் பேசுகிறது.

வெண்பலகை, முதலில் கடைசிப் பத்தியைத் தூக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். இப்போது கட்டுரை 400ஆல் வகுபடும் விதியில் நிற்கும்: 1900 லீப் இல்லை, 2000 லீப். அங்கேயே நிறுத்தினாலும் குடி முழுகிவிடாது, கொஞ்சம் வெட்டென்று இருக்கும், அவ்வளவுதான். அந்த விதியை வைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் போங்கள். 2096 லீப், 2100 இல்லை, அடுத்தது 2104. எட்டு ஆண்டு இடைவெளி வருகிறது. இது தொடக்கத்தில் இல்லாத செய்தி, ஆனால் நடுப்பகுதியைப் படித்தவர் தானே கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ள முடியும். நடுவைப் படிக்காதவரால் இதை எழுதியிருக்கவே முடியாது.

ஒற்றைப்புள்ளி:
சரி, கேள்வி வேண்டாம். ஆனால் 2100ஐ விட நல்ல முடிவு ஒன்று இருக்கிறது. 400 விதிக்குப் பிறகும் கணக்கு முழுசாகச் சரியாகவில்லை, ஆண்டுக்குச் சுமார் 26 விநாடி இன்னும் உதைக்கிறது. அதில் முடித்தால் கட்டுரை இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

கல்வெட்டு:
எனக்குத் தயக்கம். 26 விநாடி என்றதும் வாசகர் "அப்படியானால் அதை எப்போது திருத்துவார்கள்?" என்று கேட்பார். பதில் கட்டுரைக்குள் இல்லை. கடைசி வரியில் புதுக் கதவைத் திறந்துவிட்டு விளக்கை அணைக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஒற்றைப்புள்ளி:
அந்தத் தொங்கல்தான் எனக்குப் பிடிக்கிறது. ஒத்துக்கொள்ள மாட்டேன்.

விடைத்தாள்:
தேர்வில் இப்படி எழுதினால் முடிவுரைக்கான மதிப்பெண் போய்விடும். கட்டு கட்டாகத் தாள் திருத்துபவர் கடைசிப் பத்தியில் சாரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அதற்கு என்ன வழி?

கல்வெட்டு:
தேர்வு என்றால் முடிவுரை எழுதித்தான் ஆக வேண்டும், அதில் வாதமே இல்லை. ஆனால் முதல் வரியைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்: "நான்குக்கு ஒன்று என்பது தோராயக் கணக்கு, 400 ஆண்டில் 97 லீப் ஆண்டுகள் என்பதே இப்போது நடைமுறையில் உள்ள கணக்கு." இதுவும் சாரம்தான். நடுவில் கற்றது அதில் ஏறியிருக்கிறது.

விடைத்தாள்:
இது பரவாயில்லை. ஆனால் முப்பது பக்க ஆய்வறிக்கைக்கு உங்கள் வாதம் எடுபடாது. அங்கே பலர் முன்னுரையையும் முடிவையும் மட்டுமே புரட்டுகிறார்கள், நடுவுக்குப் போவதே இல்லை. அவர்களுக்குச் சாரத்தை இரண்டு இடத்திலும் வைக்கத்தான் வேண்டும்.

கல்வெட்டு:
நடுவைத் தாண்டிப் போகிறவருக்கும் கண்டுபிடிப்பைத்தானே கொடுக்க வேண்டும்? முன்னுரையையே நகல் எடுத்துக் கொடுத்தால் அவர் இரண்டு முறை ஒன்றையே படிக்கிறார். முப்பது பக்கத்தில் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது வரைக்கும் வருகிறேன். எவ்வளவு என்பதில் நமக்குள் ஒத்துவராது.

வெண்பலகை:
பழைய முடிவை எடுத்துவிட்டேன். இப்போது இப்படி நிற்கிறது:

"2096 லீப் ஆண்டு. 2100 இல்லை. 2096 பிப்ரவரி 29இல் பிறக்கும் குழந்தை தன் பிறந்த தேதியை முதன்முதலில் நாட்காட்டியில் பார்க்கும்போது அதற்கு எட்டு வயது முடிந்திருக்கும்."

விடைத்தாள்:
நன்றாக இருக்கிறது. ஆனாலும் "முடிவுரை" என்று தலைப்புப் போட்டு இதை எழுதினால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.