சனிக்கிழமை ஷிஃப்ட்டை மாத்திக்கிட்டேன், ரோட்டாவுல இன்னும் என் பேருதான் கீது. இன்னா பண்றது?

காசிமேட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வந்து மூணு மாசம்தான் ஆவுது. சனிக்கிழமை எனக்கு 2 மணிலேர்ந்து 10 மணி வரைக்கும் டூட்டி. அன்னிக்கு மதியம்தான் அம்மா ஃப்ளைட்ல வந்து எறங்குறாங்க. தனியா வர்றாங்க, இங்கிலீஷ் சுத்தமா வராது. கூட வேலை செய்யுற பையன் "சரி, நான் பாத்துக்குறேன், நீ என் செவ்வாக்கிழமையைப் பாரு"ன்னான். ரோட்டாவுல இன்னும் என் பேருதான் கீது. இன்னிக்கு வியாழன். சூப்பர்வைசர் கிட்ட தனியா சொல்லணுமா, இல்ல அவன் போய் நின்னா போதுமா? ஒரே பேஜாரா கீதுபா.

வியாசர்பாடி_அண்ணன்:
இதுக்கு ஏன் டென்ஷன்? சனிக்கிழமை காலைல ஜுரம்னு ஃபோன் போட்டுடு. நான் வந்த புதுசுல லீவு கேட்டுக் கேட்டே ஆறு மாசம் நாய் படாத பாடு பட்டேன். கேட்டாத்தான் மாட்டேம்பான்.

தண்டையார்பேட்டை_அக்கா:
அண்ணே, அந்தப் பையன் கிட்ட ஏற்கெனவே ஸ்வாப் கேட்டாச்சு. இதுக்கு மேல ஜுரம்னு சொன்னா பொய்னு அப்பவே தெரிஞ்சிடும்.

தம்பி, நீ எந்த நாடு, என்ன விசா, என்ன வேலைன்னு ஒண்ணுமே சொல்லலையே. வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் பாக்குற? அந்தப் பையனும் ஸ்டூடன்ட்டா? இதெல்லாம் தெரியாம யார் பதில் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

ராயபுரம்_டு_டொராண்டோ:
ஸ்டூடன்ட்னா வாரத்துக்கு 24 மணி நேரம் மச்சி. 2024 நவம்பர்ல 20-ஐ 24 ஆக்கிட்டாங்க. தாராளமா மாத்திக்க.

காசிமேட்டுக்காரன்:
சாரிக்கா. இங்கிலாந்து, ஸ்டூடன்ட் விசா, மாஸ்டர்ஸ். கேர் ஹோம்ல வேலை. புதன், வியாழன் 4 டு 10, சனி 2 டு 10. மொத்தம் 20. அடுத்த வாரமும் இதேதான். அந்தப் பையனும் ஸ்டூடன்ட்தான், அவனுக்கு செவ்வாய், ஞாயிறு, ரெண்டுமே காலைல 7 டு 3.

தண்டையார்பேட்டை_அக்கா:
டொராண்டோ சொன்ன 24 கனடாவுக்கு. இங்க டேர்ம் நடக்குறப்போ 20தான். வாரம்னா திங்கள்ல ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை வரைக்கும். சிக்கலே இங்கதான்.

நீ அடுத்த வாரச் செவ்வாயை எடுத்தா என்ன ஆவுதுன்னு பாரு. இந்த வாரம் உனக்கு 12 ஆயிடும், அதுல தப்பில்ல. அடுத்த வாரம் 20 கூட 8 சேந்து 28. அவனுக்கு இந்த வாரமே செவ்வாய், ஞாயிறு 16 இருக்கு, உன் சனியைச் சேத்தா 24. ரெண்டு பேருமே விசா கண்டிஷனை மீறுறீங்க. ஸ்வாப்னா நேருக்கு நேர் சமம்னு நெனைக்கிறோம். ஷிஃப்ட் வேணா சமம், வாரம் வேற வேறயாச்சே.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
ரெண்டு வாரத்துக்கு சராசரி எடுத்தா 20தானே வருது? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

தண்டையார்பேட்டை_அக்கா:
சராசரி பேச்செல்லாம் பொதுவா வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாதுங்கிற விதிக்குத்தான். ஸ்டூடன்ட் விசாவுல ஒவ்வொரு வாரமும் தனிக்கணக்கு. வேற இடத்துல பார்ட் டைம் பாத்தா அதையும் சேக்கணும். சூப்பர்வைசர் ஏன் இவ்ளோ கறாரா இருக்காங்கன்னா, அனுமதிக்கு மேல வேலை வாங்கினா கம்பெனிக்கு முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்ட் வரைக்கும் அபராதம் விழலாம். அதான் ரோட்டா போடுறவங்க நைஸா எல்லாம் விட மாட்டாங்க.

மணலி_மாமா:
நான் இங்க மணலியில ஆலையில இருந்து ரிட்டையர் ஆனவன். ஏ ஷிஃப்ட்காரன் பி ஷிஃப்ட்காரன் கிட்ட டீக்கடையிலயே பேசி முடிச்சிடுவான், ஃபோர்மேன் கிட்ட ஒரு துண்டுச்சீட்டு குடுத்தாப் போதும். வெளிநாட்டுல எல்லாத்துக்கும் ரூல்ஸ் பேசுறானுங்கப்பா.

வியாசர்பாடி_அண்ணன்:
சரியா சொன்னீங்க மாமா. ரோட்டாவையே ரெண்டு நாள் முன்னாடிதான் போடுறானுங்க. அவனுங்களுக்கு வேண்டியவனுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை லீவு.

ராயபுரம்_டு_டொராண்டோ:
இங்கயும் அதே கதைதான்...

தண்டையார்பேட்டை_அக்கா:
பொலம்பல் அப்புறம். நாளைன்னிக்கு அவங்க அம்மா வர்றாங்க.

தம்பி, செவ்வாயை விட்டுடு. இந்த ஞாயித்துக்கிழமை காலை ஷிஃப்ட்டை அவன் கிட்ட கேளு. உனக்கு 12 கூட 8, மொத்தம் 20. அவனுக்கு செவ்வாய் 8, சனி 8, மொத்தம் 16. அடுத்த வாரம் யாருக்கும் எதுவும் மாறாது. அம்மா வந்த மறுநாள் காலைல நீ வேலைக்குப் போவணும், அது ஒண்ணுதான் கஷ்டம்.

காசிமேட்டுக்காரன்:
வெள்ளிக்கிழமை 2 டு 10 பாக்குற ஒரு பொண்ணு கீதுக்கா. அது வெள்ளியைக் குடுத்துட்டு என் சனியை எடுத்துக்குறேன்னுச்சு. அப்படின்னா ஞாயிறு அம்மாகூட இருக்கலாமே?

தண்டையார்பேட்டை_அக்கா:
அந்தப் பொண்ணுக்கு ஞாயிறு என்ன டூட்டி?

காசிமேட்டுக்காரன்:
காலைல 7 மணி.

தண்டையார்பேட்டை_அக்கா:
அப்போ வேலைக்கு ஆவாது. ராத்திரி 10 மணிக்கு முடிச்சு காலைல 7 மணின்னா நடுவுல 9 மணி நேரம்தான் ஓய்வு. பொதுவா 11 மணி நேரம் விடணும். விதிவிலக்கு இருக்கு, ஆனா நாளைன்னிக்குள்ள ஒரு மேனேஜரும் அதைத் தேடிப் பாத்துட்டு ஒத்துக்க மாட்டாங்க. மத்தவங்க கிட்ட ஸ்வாப் கேக்குறப்போ உன் நாளை மட்டும் பாக்காத, அவங்களோட முந்தின ஷிஃப்ட்டையும் அடுத்த ஷிஃப்ட்டையும் பாரு. உன் பையன் ஞாயித்தை உன்கிட்ட குடுத்துடுறதாலதான் அவனுக்கு இந்தத் தொல்லை இல்ல.

இன்னொண்ணு. சனிக்கிழமை நீ மாத்திரை குடுக்குற ஆளா ரோட்டாவுல இருந்தா, அந்த டிரெய்னிங் அவனுக்கும் இருக்கணும். இல்லன்னா மணிக்கணக்கு சரியா இருந்தாலும் ஒத்துக்க மாட்டாங்க.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
மதிய சாப்பாட்டு அரை மணி நேரத்துக்கு சம்பளம் இல்லையே. அதைக் கழிச்சா செவ்வாயே அடங்கிடுமே?

தண்டையார்பேட்டை_அக்கா:
ரெண்டு ஷிஃப்ட்டுக்கு அரை அரையா கழிச்சாலும் 28 எங்க, 20 எங்க? அந்த பிரேக்கை எப்படிக் கணக்கு பண்றாங்கன்னு யுனிவர்சிட்டி சர்வதேச மாணவர் அலுவலகத்துல கேக்கணும், நம்மளா முடிவு பண்ணக் கூடாது.

இப்ப அந்தப் பையனுக்கு வாட்ஸப்ல அனுப்பு. தேதி, கிழமை, நேரம் மூணையும் எழுது: "நீ என் சனிக்கிழமை 2 டு 10 எடுக்குற, நான் உன் ஞாயித்துக்கிழமை 7 டு 3 எடுக்குறேன், சரியா?" அவன் எழுத்துல சரின்னு சொல்லணும். பிரேக் ரூம்ல தலையாட்டினது கணக்குல வராது. அப்புறம் அதே வார்த்தையை சூப்பர்வைசருக்கு அனுப்பு. ரெண்டு பேர் பேரும் போடு, மாத்தின பிறகு ரெண்டு பேருக்கும் இந்த வாரம் எத்தனை மணி நேரம்னு நீயே எழுதிடு. அவங்க கணக்குப் போடுற வேலை மிச்சமானா பதில் சீக்கிரம் வரும்.

காசிமேட்டுக்காரன்:
சூப்பர்வைசருக்கு நாளைக்கு ஆஃப்க்கா.

தண்டையார்பேட்டை_அக்கா:
அப்போ இன்னிக்கு 4 மணிக்கு உள்ள போனதும் டெபுடி மேனேஜரையோ, அன்னிக்குப் பொறுப்புல இருக்கிற சீனியரையோ நேர்ல பாரு. அவங்களால ரோட்டாவை மாத்த முடியுமான்னு முதல்ல கேளு, சில இடத்துல சீனியருக்கு அந்த அதிகாரம் இருக்காது. "பாக்குறேன்"னா அது சம்மதம் இல்ல. ஆப்ல பெண்டிங்னு காட்டினாலும் ஷிஃப்ட் உன் தலைலதான். ரோட்டாவுல சனிக்கிழமை அவன் பேரும், ஞாயித்துக்கிழமை உன் பேரும் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்க. அதுக்கு முன்னாடி அவன் வராமப் போனா, வராதது நீதான்னு எழுதுவாங்க.

அவன் உனக்குப் பதிலா வந்து உன் பேர்ல கிளாக் இன் பண்ணவே கூடாது. அதுக்கு ரெண்டு பேரையும் வேலையை விட்டே தூக்கிடுவாங்க. சனிக்கிழமைக்கு எக்ஸ்ட்ரா ரேட் இருந்தா அதுவும் அவனுக்குத்தான் போவும், அப்புறம் கேட்டு சண்டை போடாத.

வியாசர்பாடி_அண்ணன்:
ஒத்துக்கலன்னா?

தண்டையார்பேட்டை_அக்கா:
ஆண்ட்டியோட ஏர்லைனுக்கு இன்னிக்கே ஃபோன் பண்ணி உதவி கேட்டு வெச்சுடு தம்பி. வீல் சேர் உதவின்னு போட்டா ஆளு கூடவே இருந்து இமிக்ரேஷன் தாண்டி வெளிய கொண்டாந்து விடுவாங்க. வெளிய யார் நிப்பாங்கன்னு மட்டும் பாத்துக்க. எந்த ஏர்போர்ட்டுன்னே இன்னும் சொல்லலையே?

காசிமேட்டுக்காரன்:
ஹீத்ரூக்கா. பையன் ஞாயித்துக்கிழமைக்கு ஓகேன்னு எழுதிட்டான். டெபுடி கிட்ட சொன்னேன், ரெண்டு பேர் மணிக்கணக்கையும் வாங்கி எழுதிக்கிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள மாத்துறேன்னாங்க. ரோட்டாவுல இன்னும் என் பேருதான் கீது. பத்தரைக்கு மறுபடி பாத்துட்டு ஃபோன் போடுறேன்.