இஎஸ்ஓபி: வெஸ்ட் ஆகாத பங்குக்கு இன்றைய மதிப்பு எவ்வளவு?

வணக்கங்க. கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோயமுத்தூரில் வேலை. கம்பெனி 1,200 ஆப்ஷன் கொடுத்தது. ஸ்ட்ரைக் விலை ரூ.150, சந்தை விலை ரூ.400. 600 வெஸ்ட் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் 300, அதற்கடுத்த வருஷம் 300. ஹெச்.ஆர். கடிதத்தில் 1,200 × 250, 3 லட்சம் என்று போட்டு முடித்துவிட்டார்கள்.

அண்ணன் வெஸ்ட் ஆகாததற்கு 250-ஐ 1.07-ஆல் வகுத்து 234 என்கிறார். எனக்கு அது தப்பாகப் படுகிறது. டிவிடெண்ட் இல்லாத பங்கின் இன்றைய மதிப்பு 400-தானே? பிறகு கட்டப்போகும் 150-ஐ மட்டும்தான் 7% வட்டியில் குறைக்க வேண்டும்: 140. ஆக வித்தியாசம் 260. இரண்டாம் வருஷத்துக்கு 269.

ஆனால் நடுவில் வேலையை விட்டால் எல்லாம் போச்சு. வருஷத்துக்கு 15% வாய்ப்பு என்று வைத்து முதல் 300-க்கு 66 ஆயிரம், அடுத்ததுக்கு 58 ஆயிரம். வெஸ்ட் ஆன ஒன்றரை லட்சத்தோடு சேர்த்து ரூ.2.74 லட்சம், வரிக்கு முன்.

இது வெஸ்ட் ஆன அன்றே எடுத்துவிடுவதாக வைத்த கணக்கு. பிளாக்-ஷோல்ஸில் போட்டால் காத்திருப்பதன் மதிப்பும் சேருமே, அதற்கு ஆயுள் என்று முழு 10 வருஷம் போடுவதா, எடுக்க நினைக்கும் 4 வருஷமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.