கேஎஸ்எம் கொடுத்த 18 ஜிபி நிஜமா?

பாண்டி_சர்வர்: "64 ஜிபி பெட்டியில் தலா 4 ஜிபி கொடுத்து 18 விண்டோஸ் விஎம் ஓடுகிறது. ஒரே மாதிரி நினைவகப் பக்கங்களைக் கெர்னலில் ஒன்றாக்கும் கேஎஸ்எம் 18 ஜிபி மிச்சம் பிடித்துத் தருகிறது. அதை வைத்து இன்னும் 4 விஎம் ஏற்றலாம், ரேம் வாங்குவது வீண்செலவு." பக்கத்துத் திரியில் நான் இதைச் சொன்னதற்கு நக்கலடித்தவர்கள் இங்கே வந்து பேசுங்கள். நேற்று இரவு 11 மணிக்கு எடுத்தது:

```
$ cd /sys/kernel/mm/ksm
$ cat pages_shared pages_sharing
318442
4702310
```

மதிவாணி: நக்கலடித்தது நான்தான். கணக்கில் தவறில்லை. மிச்சமான பக்கக் கணக்கான pages_sharing-ஐ, பக்கத்துக்கு 4 கேபி வீதம் பெருக்கினால் 18 ஜிபி கிட்ட வரும். ஆனால் இரவு 11 மணிக்கு உங்கள் ஆபீஸில் யார் இருந்தார்கள்? விண்டோஸ் பூட் ஆகும்போதே காலி நினைவகம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பி வைக்கும். ஹோஸ்டின் கண்ணில் அது பயன்பாட்டில் உள்ள பக்கம். கேஎஸ்எம் அதைத்தான் ஒன்றாக்கியிருக்கிறது. உங்கள் 18 ஜிபியில் பெரும்பகுதி அந்த வெற்றுப் பக்கங்களாகத்தான் இருக்கும்.

பாண்டி_சர்வர்: இருக்கட்டுமே. வெற்றுப் பக்கமோ நிறைந்த பக்கமோ, 18 ஜிபி 18 ஜிபிதான்.

மதிவாணி: இல்லை. காலை 9 மணிக்கு 18 பேரும் லாகின் செய்து பிரவுசரைத் திறப்பார்கள். வெற்றுப் பக்கத்தில் ஒரு பைட் எழுதினாலும் கெர்னல் அந்த விஎம்முக்குத் தனி நகல் எடுத்துத்தான் ஆக வேண்டும். பிரிவது அந்த நொடியே. திரும்பச் சேர்வது அப்படியில்லை. இயல்பு அமைப்பில், பக்கங்களைத் தேடிச் சேர்க்கும் ksmd 100 பக்கம் பார்த்துவிட்டு 20 மில்லிசெகண்ட் தூங்கும். நொடிக்கு 5000 பக்கம், அதாவது 20 எம்பிதான். உங்கள் 72 ஜிபியை ஒரு முறை சுற்றிவரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏற்கனவே சேர்ந்த பக்கம் எதோடும் பொருந்தாத புதுப் பக்கம் அடுத்த சுற்றிலும் மாறாமல் இருந்தால்தான் அதற்கு ஜோடி தேடும். அதற்குள் புது விஎம் நான்கும் 16 ஜிபி கேட்டு நின்றால் ஹோஸ்ட் ஸ்வாப்புக்குப் போகும், அதுவும் போதாவிட்டால் ஓஓஎம் கில்லர் விஎம்மை ஓட்டும் ஒரு qemu-வைக் கொல்லும். ஒருவருடைய மொத்த டெஸ்க்டாப்பும் போய்விடும்.

ரபீக்: பாதுகாப்பை யாருமே பேசவில்லையே? விஎம்களுக்கு இடையே பக்கம் பகிர்வதை விஎம்வேர் 2014-லேயே இயல்பாக நிறுத்திவிட்டது. 2016-ல் ஃப்ளிப் ஃபெங் ஷூயி தாக்குதலே பக்கங்களை இப்படி ஒன்றாக்குவதை வைத்துத்தான் வந்தது. முதலில் அணைத்துவிடுங்கள்:

```
echo 2 > /sys/kernel/mm/ksm/run
```

மதிவாணி: ரபீக், இதைப் பார்த்து யாராவது அப்படியே அடித்துவிடப் போகிறார்கள். 2 என்றால் சேர்ந்ததையெல்லாம் பிரிக்கும். அதற்கு அந்த 18 ஜிபியும் காலியாக இருக்க வேண்டும், அவரிடம் 8 கூடத் தேறாது. 0 போட்டால் ksmd நிற்கும், சேர்ந்தது அப்படியே இருக்கும்.

ரபீக்: பாதுகாப்பு என்று வந்தால் பாதி அணைப்பு அணைப்பே இல்லை.

பாண்டி_சர்வர்: ஒரே ஆபீஸ், ஒரே முதலாளி. யார் யாரைத் தாக்கப் போகிறார்கள்? டிஸ்க் ரெய்டு விவாதத்திலும் இப்படித்தான் ரபீக் அண்ணன் பயமுறுத்தினார். என் ரெய்டு இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது.

கண்டெய்னர்_கணேசன்: நானும் run-ல் 1 போட்டேன், 40 டாக்கர் கண்டெய்னர் இருக்கிறது, pages_sharing பூஜ்யம். கேஎஸ்எம் வேலையே செய்யவில்லை. இதற்கா இவ்வளவு சண்டை?

மதிவாணி: கணேசன், "என் நினைவகத்தைச் சேர்க்கலாம்" என்று புரோகிராமே madvise-லோ, புதுக் கெர்னலில் prctl-லோ சொன்னால்தான் ksmd அதைத் தொடும். qemu கேட்காமலே சொல்லிவிடும், உங்கள் கண்டெய்னருக்குள் ஓடுபவை சொல்வதில்லை. இது தனித் திரிக்கான விஷயம்.

பாண்டி அண்ணே, இன்னொன்று. ksmd கண்காணிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட் குறிப்பு வைக்கிறது. 72 ஜிபிக்கு அதுவே ஒரு ஜிபியைத் தாண்டும். உங்கள் 18-ல் அதைக் கழித்தீர்களா?

பாண்டி_சர்வர்: சரி, 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபிக்கு அதுவும் போதும்!

மதிவாணி: காலை 9:15-க்கு அதே கட்டளையை அடித்து அந்த எண்ணைப் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். மாதத்தில் அப்டேட் இறங்கும் நாளிலும் ஒரு முறை எடுங்கள். அன்றைக்கு மிஞ்சுவது எவ்வளவோ அதுதான் உங்களுடையது. விஎம்முக்குள் உண்மையிலேயே சும்மா கிடக்கும் ரேமைத் திரும்ப வாங்கத்தான் virtio-balloon இருக்கிறது.

பாண்டி_சர்வர்: பலூன் டிரைவர் போட்டு ஒரு முறை விண்டோஸ் நத்தையாகிவிட்டது. அந்தப் பேச்சே வேண்டாம். கெர்னலே 18 ஜிபி என்று எழுதிக் காட்டுகிறது, நீங்கள் இல்லை என்கிறீர்கள்.

மதிவாணி: கெர்னல் காட்டியது இரவு 11 மணிக் கணக்கு. 9:15 எண் எங்கே?

பாண்டி_சர்வர்: நாளை நான் லீவு. 4 விஎம்மையும் இன்றிரவே ஏற்றுகிறேன்.

ரபீக்: பாதுகாப்பைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.