மேலே கற்பூர மரம், கீழே வறண்ட ஓடை: உங்கள் ஊரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஹட்டிக்காரன்
கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர். தேயிலைதான் தொழில். ஊருக்கு மேலே உள்ள குன்று, தாத்தா காலத்தில் எருமை மேய்ந்த புல்வெளி. பிறகு அது முழுக்கக் கற்பூர மரமாகிவிட்டது, யூகலிப்டஸைத்தான் சொல்கிறேன். குன்றின் அடியில் ஒரு ஊற்று, அதிலிருந்து கிளம்பும் ஓடைதான் ஊருக்குத் தண்ணீர். அந்தக் காலத்தில் மார்ச் கடைசி வரை ஓடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது பொங்கல் முடிந்த கையோடு வெறும் கசிவுதான். மழை குறைந்துவிட்டது என்கிறார் ஒருவர், மரம்தான் குடிக்கிறது என்கிறார் இன்னொருவர். மேலே நிலம் மாறியதால் கீழே தண்ணீர் மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கோவை ஆசிரியை
மரம் இருந்தால் தண்ணீர் குறையும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர்களோடு மருதமலை அடிவாரத்தில் பார்த்திருக்கிறேன். மொட்டையாகக் கிடக்கும் சரிவில் மழை பெய்தால் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. பக்கத்தில் மரமும் சருகும் இருக்கும் இடத்தில் மண் அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. உங்கள் குன்றில் இன்னும் மரம் நட்டால் ஊற்று பெருகத்தானே வேண்டும்?

ஓய்வுபெற்ற களப்பணியாளர்
அம்மா, நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் மொட்டைச் சரிவோடு ஒப்பிட்டால்தான் அது சரி. அந்தக் குன்றில் முன்பு இருந்தது மொட்டை மண் இல்லை, அடர்ந்த மலைப் புல். அதுவும் மழையை நன்றாகவே உள்ளே விடும்.

நீலகிரியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உதகையில் இருக்கும் மண், நீர்வள ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அடுத்தடுத்து இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றும் சுமார் 32 எக்டேர். இரண்டிலும் புல்வெளிதான் அதிகம், பள்ளத்தில் கொஞ்சம் சோலை. ஓடை வெளியேறும் இடத்தில் குறுக்கே தடுப்பு கட்டி, நீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது என்று தொடர்ந்து பதிவு செய்தார்கள். முதல் சில ஆண்டுகள் ஒரு மரமும் நடவில்லை. ஒரே மழைக்கு இந்த ஓடை இவ்வளவு தந்தால் அந்த ஓடை எவ்வளவு தரும் என்ற கணக்கு முதலில் கையில் வர வேண்டும் அல்லவா? அது வந்த பிறகு, 1972-ல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைத் தொடவில்லை. மழை குறைந்தால் இரண்டுக்கும் சேர்ந்தே குறையும், அதனால் 'மழைதான் காரணம்' என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

முதல் பத்தாண்டில் நட்ட பக்கத்து ஓடையின் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விட்டார்கள். அந்த இரண்டாவது சுற்றில் குறைவு 25 சதவீதம் ஆனது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது, கன்று போலக் காலம் எடுத்துக்கொள்ளாமல் துளிர் உடனே இழுக்க ஆரம்பித்துவிடுகிறது.

ஆண்டுக் கணக்கை விடக் கோடைக் கணக்குதான் உங்களுக்கு முக்கியம். மழையில்லாத மாதங்களில் ஓடும் மெல்லிய நீர் முதல் சுற்றில் ஏறக்குறைய பாதியானது, இரண்டாவது சுற்றில் அதையும் விடக் கீழே போனது. பனிக்காலத்தில் மலைப்புல் காய்ந்து நின்றுவிடும், அதற்குத் தண்ணீர் தேவையில்லை. கற்பூர மரம் அப்போதும் இலையோடு நிற்கிறது, ஆழத்து ஈரத்தை எடுக்கிறது. ஊற்றுக்குப் போக வேண்டியதும் அதே ஈரம்தான்.

ஹட்டிக்காரன்
ஐயா, அப்படியானால் எங்கள் ஊற்றிலும் கால்வாசி போய்விட்டது என்று சொல்லலாமா?

ஓய்வுபெற்ற களப்பணியாளர்
சொல்லக்கூடாது. அந்த எண் அந்த மண்ணுக்கும் மழைக்கும் உரியது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். மேலே தேயிலை, வீடு, ஆழ்துளைக் கிணறு என்று வேறு மாற்றங்களும் சேர்ந்திருக்கும். திசை ஒன்றாக இருக்கலாம், அளவை உங்கள் ஓடையில்தான் பார்க்க வேண்டும்.

நெல்லித்துறை வாழை
நான் கீழே இருப்பவன். பவானிக் கரையில் வாழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது ஞாபகம் இருக்கும். பில்லூர் அணை திறந்து, ஆறு தோட்டத்துக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வாழைக் கட்டைக்கு மேல் முழங்கால் அளவு வண்டல். மரம் தண்ணீரைக் குடிக்கும் என்றால், மலை முழுக்க மரம் இருந்தும் வெள்ளம் ஏன் வந்தது?

ஓய்வுபெற்ற களப்பணியாளர்
நல்ல கேள்வி தம்பி. கிளன்மார்கனில் சாதாரண மழைகளுக்கு வெள்ளத்தின் உச்சமும் குறையவே செய்தது. மண் காய்ந்திருப்பதால் அடுத்த மழைக்கு உள்ளே இடம் இருக்கிறது. ஆனால் 800 மில்லிமீட்டர் என்றால் முதல் சில மணி நேரத்திலேயே அந்த இடம் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு புல்லானாலும் மரமானாலும் விழுவது எல்லாம் ஓடத்தான் செய்யும். அந்த அளவு மழையில் மேலே நிலம் எப்படி இருக்கிறது என்பதன் வித்தியாசம் தண்ணீரில் குறைவாகவும், அதோடு வரும் மண்ணில் அதிகமாகவும் தெரியும். உங்கள் தோட்டத்து வண்டல் எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள்: சரிந்த சாலை ஓரம், செங்குத்துச் சரிவில் போட்ட காய்கறி நிலம்.

இன்னொன்று. மேட்டுப்பாளையத்தில் ஆற்று மட்டத்தை வைத்து மலையின் நிலையைக் கணிக்காதீர்கள். பில்லூரில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடும்போது ஏறும், நிறுத்தினால் இறங்கும். அணை குறுக்கே இல்லாத ஓடையில்தான் உண்மை தெரியும்.

கேத்தி கேரட்
காய்கறி விவசாயி மேல் எல்லாப் பழியும் வேண்டாம் ஐயா. உருளைக்கிழங்குப் பாரைச் சரிவுக்குக் குறுக்கே போடச் சொல்லி எங்களிடமும் வந்து சொன்னார்கள். போட்டோம். நாலு நாள் விடாமல் பெய்தால் பார் நடுவே நீர் தேங்கிக் கிழங்கு அழுகுகிறது. அதனால்தான் சரிவு வாக்கிலேயே இழுக்கிறோம். நீர் வடிகிறது, மண்ணும் கூடவே போகிறது, எனக்கும் தெரியும். குத்தகை நிலத்தில் படிமட்டம் வெட்டச் செலவழிக்க எவருக்கு மனசு வரும்?

ஓய்வுபெற்ற களப்பணியாளர்
முழுக்கக் குறுக்கே போட்டால் அழுகும், நீங்கள் சொல்வது சரி. குறுக்கே போட்டு லேசான வாட்டம் கொடுத்து, ஓரத்தில் புல் வளர்ந்த வடிகாலில் கொண்டுபோய் விட வேண்டும். அந்த வடிகாலுக்கு ஒரு பார் அகல நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். குத்தகைப் பிரச்சினைக்கு என்னிடம் பதில் இல்லை.

பரமக்குடிக்காரர்
எங்கள் கண்மாயிலும் இதே கதைதான். சீமைக்கருவேலத்தை அடியோடு எடுத்தோம். அப்படியும் தண்ணீர் வந்து சேரவில்லை.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்
உங்களது வேறு விஷயம். கருவேலம் நின்றது கண்மாய்க்குள்ளே. தண்ணீர் வராததற்குக் காரணம் மேலே இருக்கும். வரத்துக்காலில் நடந்து போய்ப் பாருங்கள், எங்காவது மேடாகியோ மறிக்கப்பட்டோ இருக்கும்.

ஹட்டிக்காரன்
கடைசியாக ஒன்று. ஊரில் பேசி அந்தக் கற்பூர மரங்களை வெட்ட அனுமதி கேட்கலாம் என்கிறார்கள். வெட்டினால் ஊற்று திரும்புமா?

கோவை ஆசிரியை
வெட்டிய மறுநாள் சரிவு மொட்டையாகத்தானே நிற்கும்? நான் முதலில் சொன்னது அப்போது நடக்கும்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்
ஆசிரியை சொல்வதை மனதில் வையுங்கள். ஒரே வீச்சில் வெட்டினால் முதல் மழையிலேயே மேல்மண் ஊற்றை மூடிவிடலாம். வேரோடு தோண்டினால் இன்னும் மோசம். அடிக்கட்டையை அப்படியே விட்டால் துளிர் வரும், வருகிற துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் வாட்டில் என்கிற சீகை மரம் இருந்தால் அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், வெயில் பட்டதும் கம்பளம் விரித்த மாதிரி முளைக்கும். அதனால் கீழிருந்து சின்னச் சின்னப் பட்டையாக எடுத்து, புல் பிடித்த பிறகே அடுத்த பட்டை. புல் தானாகத் திரும்பிய இடங்களும் உண்டு, களைதான் மிஞ்சிய இடங்களும் உண்டு. உங்கள் குன்று எந்தப் பக்கம் போகும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

வெட்டுவதற்கு முன்பே ஒன்று செய்யுங்கள். ஓடையில் நீர் ஒரு குழாய் வழியாக விழுகிற மாதிரி தடுத்து, ஒரு குடம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஜனவரி முதல் ஏப்ரல் வரை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். மேலே மரம் நடாத வேறொரு ஓடை பக்கத்தில் இருந்தால் அதையும் அதே நாளில் அளக்க வேண்டும். இருக்கிறதா அப்படி ஒன்று?

ஹட்டிக்காரன்
சோலைக்குக் கீழே ஒன்று இருக்கிறது ஐயா. அது அடுத்த ஊர்க்காரர்களுடையது. அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.