புதுப்பிப்பு: 8ஆம் சைஸ் செருப்பு

“என் இணையக் கடையில் 8ஆம் சைஸ் தீர்ந்துவிட்டது, பக்கத்தையே எடுத்துவிடலாமா?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; நீங்களும் யோசனை சொன்னீர்கள்.

எடுக்கவில்லை. படமும் விலையும் அப்படியே இருக்கின்றன. ‘வாங்க’ பட்டன் இருந்த இடத்தில் இப்படி எழுதினேன்: “8ஆம் சைஸ் தீர்ந்தது. ஆம்பூரில் தைக்கிறார்கள், 20ஆம் தேதி வாக்கில் வரும். வந்ததும் சொல்லட்டுமா?” கீழே பெயருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கும் மட்டும் இடம்.

தேதியே போடாதே என்று இங்கே ஒரு தம்பி சொன்னது பாதி சரி. தோல் வரத் தாமதம்; 24 என்று மாற்றி, பதிந்தவர்களுக்கும் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை.

சைஸ்வாரியாகப் பதியச் சொன்ன குடியாத்தம் அண்ணனுக்கு நன்றி. 31 பேர் பதிந்தார்கள், வந்தது 12 ஜோடி. பதிந்த வரிசையில் முதல் 12 பேருக்கே சொன்னேன். ஒன்பது பேர் வாங்கினார்கள். மீதி மூன்றை மறுநாள் அடுத்தவர்களுக்குச் சொன்னேன்.

ஆரணி பட்டு விற்கும் அக்கா, உங்கள் புடவை ஒவ்வொன்றும் ஒன்றேதான். திரும்ப வராத புடவைக்குப் பெயரும் எண்ணும் கேட்காதீர்கள்; அதே நிறத்தில் வேறு புடவையைக் காட்டுங்கள்.

வாங்காதவர்களின் எண்ணை எத்தனை நாள் வைத்திருப்பது? அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.