"என் பட்டை ஏன் குட்டையாயிருச்சு?" வகுப்பில் எடுத்த தகவல், வரைபடம்: உங்கள் அனுபவம்

கணக்கு டீச்சர், தேனி
ஏழாம் வகுப்பு. பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று 30 பேரும் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் ஆளுக்கொரு பட்டை வரைந்தோம், நிமிடம்தான் உயரம். பஸ்ஸில் 60 நிமிடம் வரும் பெண்ணின் பட்டைதான் பெரிசு, அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் அதே எண்களைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நேர்க்கோட்டுக் குறி போட்டு, இரண்டாவது படம். 1–10இல் 11 பேர், 11–20இல் 9, 21–30இல் 5, 31–40இல் 4, 51–60இல் அவள் ஒருத்தி.

"மிஸ், நான்தானே ரொம்ப நேரம் வர்றேன்? என் பட்டை ஏன் குட்டையாயிருச்சு?" என்றாள். இப்போது உயரம் நிமிடத்தைக் காட்டவில்லை, எத்தனை பேர் என்பதைக் காட்டுகிறது என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் "யாருக்கு அதிக நேரம் ஆகிறது?" என்ற கேள்விக்கு ஒரு பையன் "1–10" என்று எழுதியிருந்தான். அந்தத் தாள் மனதை விட்டுப் போகவில்லை.

ராஜா_மேட்ஸ்
முதல் படமே தேவையில்லை, அதுதான் குழப்புகிறது. நேராக இரண்டாவதற்குப் போங்கள். இது தொடர் அளவு, பட்டைகளுக்கு இடையில் இடைவெளியும் விடக்கூடாது.

ஒரு அம்மா
என் பையன் ஆறாவது. ஒரு படத்துக்கு 5 பேர் என்று பட விளக்கப்படம். 13 பேருக்கு மூன்றாவது படத்தில் எவ்வளவு வரைவது என்று அழுகை. யாராவது சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
ராஜா சார், இடைவெளி பற்றிச் சொன்னது சரி. ஆனால் முதல் படத்தை விட்டால் குழப்பம் வெளியே தெரியாது, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் மழையளவு, மதிப்பெண் என்று உயரமே அளவாக இருக்கும் படங்களைப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்.

டீச்சர், இப்படிச் செய்து பாருங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரும் நிமிடமும் எழுதிய ஒரே அளவுச் சீட்டைத் தன் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டட்டும். பட்டை முழுக்கப் பெயர்களாக இருக்கும்போது 11 என்பது பிள்ளைகள்தான் என்று கண்ணுக்கே தெரியும். அந்தப் பெண்ணின் சீட்டு குட்டைதான், ஆனால் வலது ஓரத்தில் தனியாக நிற்கும். அவளுடைய தொலைவு அங்கேதான் இருக்கிறது. 41–50 காலியாக இருந்தாலும் அந்த இடத்தை விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் அவள் 31–40 பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆகிவிடுவாள்.

பிறகு "பாதிக்கு மேல் பத்து நிமிடத்துக்குள் வருகிறார்களா?" என்று கேளுங்கள். உயரமான பட்டையைப் பார்த்து ஆமாம் என்பார்கள். 30இல் 11 பாதிகூட இல்லை. அடுத்த பட்டையின் 9 பேரையும் சேர்த்தால்தான் பாதியைத் தாண்டும்.

அம்மா, 13க்கு இரண்டு முழுப் படம், மூன்றாவதில் ஐந்தில் மூன்று பங்கு. ஒரு படத்துக்கு 2 பேர் என்று மாற்றினால் ஆறரைப் படம், வரைவது சுலபம்.

கணக்கு டீச்சர், தேனி
சீட்டு வைத்துப் பார்க்கிறேன் ஐயா. பெயர் எழுதினால் தூரத்துப் பிள்ளையை மற்றவர்கள் கிண்டல் செய்வார்களோ என்று யோசனை. தவிர, முழுப் பள்ளிக்கும் எடுத்தால் ஒரு கட்டம் 10 பேர் என்று ஆகிவிடும். அங்கே சீட்டு இல்லாமல் எப்படிப் புரியவைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.