புதுப்பிப்பு: இரண்டு நூல் மில், கையிருப்பு எவ்வளவு?

அன்று கேட்டது: "மலிவு மில் நூல் வர 8 முதல் 20 நாள். பக்கத்து மில் 5 நாளில் தரும், விலை கூடுதல். இரண்டிலும் வாங்கினால் பாதுகாப்பு இருப்பைப் பாதியாக்கலாமா?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. பாதியாக்க முடியவில்லை. இரண்டு மில்லுக்கும் ஒரே நாளில் ஆர்டர் போடச் சொன்ன அண்ணன் யோசனைதான் பலித்தது. பக்கத்து மில் லோடு முதலில் இறங்கி, மற்றதன் தாமதத்தைத் தாங்கியது. தினம் 200 கிலோ ஓடும் எங்கள் திருப்பூர் யூனிட்டில் இருப்பு 1,350 கிலோவிலிருந்து 900 ஆனது.

அதற்குக் கீழே இறங்காததற்குக் காரணம் சாயம். இரண்டு மில் நூலையும் ஒரே துணியில் ஓட்டினோம். சாயம் ஏறியதும் பட்டை பட்டையாகத் தெரிந்தது. இப்படி ஆகும் என்று சாயப்பட்டறைக்காரர் அன்றே தன் அனுபவத்தைச் சொன்னபோது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு மில் நூலுக்கும் தனி இருப்பு.

அப்புறம், இரண்டாகப் பிரித்ததில் தனக்கு வரும் ஆர்டர் குறைந்ததும் மலிவு மில் எங்கள் லோடை இன்னும் தள்ளிப் போடுகிறது. இதற்கு வழி கிடைக்கவில்லை.